யன்னல் அழாமல் வீட்டு வறட்சியைத் தீர்ப்பது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ரொறன்ரோப் பக்கத்து வீடுகளில் டிசம்பர் பிறந்ததும் இரண்டு முறைப்பாடுகள் ஒன்றாக வரும். உதடு வெடிக்கிறது, கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது, பிள்ளைக்கு மூக்கால் ரத்தம் வருகிறது என்பது ஒன்று. அதற்காக ஹியுமிடிபயர் வாங்கி வைத்தவர்களுக்கு யன்னல் எல்லாம் தண்ணீர் வடிகிறது, விளிம்பில் கறுப்புப் புள்ளி பிடிக்கிறது என்பது மற்றது. இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்கப் போனால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும். காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது, கண்ணாடி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கீழே வரும் அறிகுறிகள் பிடிபடும்.

காற்று ஏன் வறள்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேர்னஸ் காற்றிலுள்ள நீரை எரித்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு துளி நீரையும் எடுப்பதில்லை. வெளியே −10 பாகையில் இருக்கும் காற்று, ஈரமானதென்று வானிலை அறிக்கை சொன்னாலும், ஒரு கன மீற்றருக்கு 2 கிராம் அளவான நீரைத்தான் தாங்கியிருக்கும். 21 பாகையில் இருக்கும் காற்றோ 18 கிராம் வரை தாங்கும். அந்த வெளிக்காற்று கதவிடுக்கு, மின்சாரப் பெட்டி, கூரைத் துவாரம் என்று கிடைத்த வழியெல்லாம் நுழைந்து சூடானால், அதே 2 கிராம் இப்போது பத்துச் சதவீத ஈரப்பதமாகத்தான் தெரியும். வீட்டில் மனிதர் மூச்சுவிடுவதும் சமைப்பதும் குளிப்பதும் சேர்ந்து அதைக் கொஞ்சம் உயர்த்துகின்றன. ஆகவே வறட்சி என்பது பெரும்பாலும் காற்றுக் கசிவின் கணக்கு. பழைய, இடுக்குகள் நிறைந்த வீடு அதிகம் வறளும். இறுக்கமான புது அப்பாட்மென்ற் அவ்வளவு வறளாது, சில வேளை மறுபக்கமாகத் தொல்லை தரும்.

முதலில் அளக்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் இரண்டு வாங்குங்கள். ஒன்று கூடத்துக்கு, மற்றது படுக்கையறைக்கு. மலிவானவை ஐந்து, ஆறு சதவீதம் கூடக்குறையக் காட்டுவது சாதாரணம் என்பதால், நம்புவதற்கு முன் உப்புச் சோதனை செய்யுங்கள். போத்தல் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சேறு மாதிரி ஆகும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிடக்கூடாது. மூடியையும் மீற்றரையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீற்றர் ஐந்து குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு அதை நெஞ்சு உயரத்தில், உள்சுவரில், யன்னலுக்கும் சூடு வரும் துவாரத்துக்கும் ஹியுமிடிபயருக்கும் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்த மீற்றர் அந்தப் பொருளின் கதையைத்தான் சொல்லும், அறையின் கதையை அல்ல.

தோல் எரிகிறது, கரண்ட் அடிக்கிறது. மீற்றர் 20 அல்லது அதற்குக் கீழே

இது உண்மையான வறட்சி. ஆனாலும் ஹியுமிடிபயருக்கு ஓடுவதற்கு முன் தெர்மோஸ்ராற்றைப் பாருங்கள். 24 பாகையில் வீட்டை வைத்திருந்தால் அதை 21க்கு இறக்குங்கள். காற்றில் நீர் ஒரு துளியும் கூடாமலே 25 சதவீதம் 30 ஆகிவிடும். இது செலவில்லாத வைத்தியம், காஸ் பில்லும் குறையும். பெரியவர்களுக்குக் குளிரும் என்று சொல்லி 25இல் வைத்திருக்கும் வீடுகளில்தான் உதடு அதிகம் வெடிக்கிறது.

அடுத்தது கசிவு. காற்றடிக்கும் நாளில் வெளிக்கதவின் கீழ் விளிம்பில் ஈரக் கையை வைத்துப் பாருங்கள், குளிர் ஊசி போல் குத்தும் இடம்தான் ஓட்டை. அங்கு ரப்பர் பட்டி ஒட்டுங்கள். அற்றிக்கில் ஏறும் மூடியின் விளிம்பையும் மறக்க வேண்டாம். சூடான காற்று மேலே ஏறி அதன் வழியே வெளியேற, அதற்கு ஈடாகக் கீழ்த்தளத்தில் வறண்ட காற்று உள்ளே இழுபடுகிறது. அதனால்தான் சில வீடுகளில் கீழே தோல் வறள, மேல்மாடி யன்னல் மட்டும் ஈரமாக இருக்கும். அது முரண்பாடு அல்ல, ஒரே ஓட்டத்தின் இரு முனைகள்.

புதிய டவுன்ஹவுஸ்களில் வெப்பத்தை மீட்டபடி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் காற்றோட்டப் பெட்டி பேஸ்மென்ற்றில் இருக்கும். அது நாள் முழுக்க உச்ச வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் வீடு வறண்டே தீரும். அதை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் காற்று கெட்டுப்போகும். 20 நிமிடம் ஓடி 40 நிமிடம் ஓய்வெடுக்கும் நிலை பெரும்பாலானவற்றில் உண்டு, கடுங்குளிரில் அதற்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் 25ஐத் தாண்டவில்லை என்றால் ஹியுமிடிபயர் நியாயமான தேவைதான்.

தோல் எரிகிறது, ஆனால் மீற்றர் 35 காட்டுகிறது

மீற்றரை நம்புங்கள். வறட்சிக்குக் காரணம் வீட்டுக் காற்று அல்ல. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது, கடும் சவர்க்காரம், முகத்துக்கு நேரே சூடான காற்று வீசும் துவாரத்தின் கீழ் படுப்பது, இவற்றில் ஒன்று இருக்கும். மூக்கால் ரத்தம் அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த நிலையில் ஈரப்பதத்தை 50க்கு ஏற்றினால் தோல் தேறாது, யன்னல்தான் அழும்.

எந்த எண்ணுக்கு வைப்பது என்று தெரியவில்லை

ஹியுமிடிபயர் பெட்டியில் 40 முதல் 60 வரை நல்லது என்று அச்சிட்டிருப்பார்கள். கனடாக் குளிர்காலத்தில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் யன்னல் வடியும் வீடுகளில் நான் மிக அதிகமாகக் காணும் காரணம். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீர் விடத் தொடங்குமோ அதைப் பனிபடுநிலை என்பார்கள். 21 பாகை வீட்டில் ஈரப்பதம் 50 என்றால் அது ஏறத்தாழ 10 பாகை. 40 என்றால் 7. 30 என்றால் 3க்குச் சற்றுக் கீழே. கண்ணாடியின் உள்முகம் அந்த எண்ணைவிடக் குளிர்ந்தால் வியர்க்கும், சூடாக இருந்தால் வியர்க்காது. அவ்வளவுதான் விதி.

சாதாரண இரட்டைக் கண்ணாடி யன்னலில், வெளியே −10 என்றால் கண்ணாடியின் நடுப்பகுதியில் உள்முகம் 10 பாகை அளவில் இருக்கும். −20 என்றால் 6 அல்லது 7க்கு இறங்கும். இரு கண்ணாடிகளையும் பிரிக்கும் அலுமினியப் பட்டி ஓடும் விளிம்பில் இதைவிடப் பல பாகை குறைவு, அதனால்தான் ஈரம் எப்போதும் கீழ் விளிம்பில் தொடங்குகிறது. ஒற்றைக் கண்ணாடி என்றால் −10இலேயே உறைபனி கட்டும், அங்கே ஹியுமிடிபயர் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே சரியான எண் வெளிக்குளிரோடு சேர்ந்து இறங்கும் எண். இரட்டைக் கண்ணாடி வீட்டுக்கு நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: வெளியே −6 வரை 40, −12 வரை 35, −18 வரை 30, −24 வரை 25, அதற்கும் கீழே போனால் 20. இவை உச்ச அளவுகள், எட்டியே தீர வேண்டிய இலக்குகள் அல்ல. எழுபதுகளில் கட்டிய வீட்டின் பழைய யன்னல் என்றால் ஒவ்வொன்றிலும் ஐந்தைக் கழியுங்கள். குளிரலை வருகிறது என்று வானிலை அறிக்கை சொன்னால் அது வந்த இரவில் குறைக்காமல் முதல் நாளே குறையுங்கள். சுவரும் மரமும் மெத்தையும் குடித்து வைத்திருக்கும் ஈரம் வெளியேற ஒரு நாளாவது எடுக்கும்.

படுக்கையறை யன்னல் மட்டும் காலையில் வடிகிறது

மிக அதிகமாகக் கேட்கும் முறைப்பாடு இது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். என் தங்கை ஸ்காபரோவில் பழைய செமி வீடொன்றில் இருக்கிறாள். ஜனவரியில் −15 அடித்த ஒரு கிழமையில் போன் எடுத்தாள்.

"அண்ணா, யன்னல் அழுகுது. கீழ்ப் பலகையில துவாய் விரிச்சிருக்கிறன், விடியப் பாத்தா பிழியலாம். ஆனா ஹியுமிடிபயரை நிப்பாட்டினா பிள்ளைக்கு மூக்கடைக்குது."

"அதை எத்தனையில வச்சிருக்கிறாய்?"

"அம்பதில. பெட்டியில அப்பிடித்தான் போட்டிருக்கு."

"இரவில கதவு?"

"பூட்டித்தான். சூடு போகாமலிருக்க."

அறையைப் போய்ப் பார்த்தேன். 12 சதுர மீற்றர் தரை, 2.4 மீற்றர் உயரம், ஆக 29 கன மீற்றர் காற்று. யன்னலுக்குக் கீழே தரையில் சூடு வரும் துவாரம். அதற்கு மேலே தரைவரை தொங்கும் தடித்த திரைச்சீலை, அதன் மடிப்பு ஒன்று துவாரத்தின் மேலேயே கிடந்தது. ஹியுமிடிபயர் கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில், மணிக்கு 300 மில்லிலீற்றர் விசிறும் அல்ட்ராசோனிக் வகை.

கணக்கைப் போட்டால் பிழை தானாகத் தெரிகிறது. பூட்டிய அறையில் மணிக்குப் பாதியளவு காற்று மாறுகிறது என்று வைத்தால் 14 கன மீற்றர். புதிதாக வரும் காற்று முழுவதும் நேரே வெளியிலிருந்து வருகிறது என்று மிக மோசமாகவே எடுத்துக்கொண்டாலும், அதை 30 சதவீதத்துக்கு உயர்த்தக் கன மீற்றருக்கு 4 கிராம் சொச்சம் போதும். மணிக்கு 60 கிராம். தூங்கும் பெரியவர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 கிராம் அளவில் நீர் விடுகிறார். இரண்டு பேர் படுத்தால் 80. அதாவது ஹியுமிடிபயர் இல்லாமலே அந்த அறைக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் 300ஐக் கொட்டினால் காற்றால் தாங்க முடியாது. மிச்சம் எங்கே போகும்? அறையில் மிகக் குளிர்ந்த இடத்துக்கு, அதாவது கண்ணாடிக்கு.

ஐம்பதில் நின்றுவிடும் தானியங்கி அதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் உணரி இயந்திரத்தின் உடம்பிலேயே இருப்பதால் அது அறையின் ஈரத்தைச் சரியாகச் சொல்லாது. சரியாக ஐம்பதில் நிறுத்தியிருந்தாலும் பனிபடுநிலை 10 பாகை. கண்ணாடியோ திரைக்குப் பின்னால் அதைவிட எவ்வளவோ குளிர். கண்ணாடியில் ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டி, அதன் மேல் தூரத்திலிருந்து அளக்கும் வெப்பமானியைக் காட்டினேன். வெறுங்கண்ணாடி சூட்டைப் பிரதிபலித்துப் பிழை காட்டக்கூடும் என்பதற்காகத்தான் அந்த ரேப். திரையை விலக்கி அரை மணி நேரம் விட்டபின் மறுபடி பார்க்க, அளவு பல பாகை ஏறியிருந்தது. திரை அறைச் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாது, ஆனால் நீராவி அதன் ஓரங்களால் புகுந்துவிடும். யன்னல் வியர்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை வேண்டுமென்று செய்தாலும் செய்ய முடியாது.

மாற்றியவை நான்கு. திரையை யன்னல் பலகைக்கு மேலே நிற்கும்படி உயர்த்தி மடித்துத் தைத்தோம். துவாரத்தின் மேல் காற்றை அறைப் பக்கமாகத் திருப்பும் பிளாஸ்டிக் மூடி இருந்தது, அதைக் கழற்றினோம். சூடான காற்று கண்ணாடியைத் தடவிக்கொண்டு மேலே போவதற்காகத்தான் துவாரத்தை யன்னலுக்குக் கீழே வைக்கிறார்கள். கதவை ஒரு சாண் திறந்து வைத்தார்கள். ஹியுமிடிபயரை அறைக்கு வெளியே மாடி நடைபாதையில் வைத்து, குறைந்த வேகத்தில், முப்பதில் நிறுத்தச் சொன்னேன். அப்படி வைத்தால் மூன்று அறைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும்.

அடுத்தடுத்த நாட்களில் கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய மூட்டம் மட்டும் இருந்தது, காலை பத்து மணிக்குள் அது காய்ந்தது. கடுங்குளிரில் அவ்வளவு பரவாயில்லை. பலகையில் தண்ணீர் தேங்கினாலோ மதியம் தாண்டியும் காயாவிட்டாலோதான் மேலும் குறைக்க வேண்டும். பிள்ளையின் மூக்கடைப்புக்கு, படுக்கும் முன் வைத்தியர் சொன்ன உப்புநீர்ச் சொட்டு, ஈரப்பதம் முப்பதில் நின்றபோதும் போதுமாயிருந்தது.

வாடகை வீட்டில் யன்னலை மாற்ற முடியாதவர்கள், சட்டத்தில் இருபக்க ரேப் ஒட்டி அதன்மேல் இழுத்துப் பிடித்து ஹெயார் ட்ரையரால் இறுக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் போடலாம். படலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் நிற்கும் காற்று அறைப் பக்க மேற்பரப்பைச் சூடாக்கும், அறை ஈரம் கண்ணாடியை எட்டாது. ஒரு மூலை விட்டாலும் ஈரம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், ஆகவே சுற்றிவர அழுத்தி ஒட்டுங்கள். தீ ஆபத்தில் வெளியேறும் யன்னல் அதுவொன்றே என்றால் அதில் போட வேண்டாம்.

வீடு முழுக்க எல்லா யன்னலும் வடிகிறது

ஹியுமிடிபயரை உடனே நிறுத்துங்கள். பிறகு நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். எங்கள் வீடுகளில் முதல் இடம் குசினி. பிட்டும் இடியப்பமும் அவிக்கும் மாலையில், மூடி இல்லாத பானையில் சோறு கொதிக்கும்போது, மீற்றர் பத்துச் சதவீதம் ஏறுவதை நீங்களே பார்க்கலாம். அடுப்புக்கு மேலுள்ள ஃபான் வெளியே தள்ளும் வகையா, பில்ரரால் சுற்றி மறுபடி குசினிக்குள்ளேயே விடும் வகையா என்று பாருங்கள். இரண்டாவது வகை மணத்தைச் சற்றுக் குறைக்கும், நீராவியைத் தொடாது. பேஸ்மென்ற்றில் உடுப்புக் காயப்போடுவது அடுத்தது. ஒரு சலவையில் இரண்டு லீற்றர் நீர் காற்றுக்குப் போகும். உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தின் வெளிக்குழாய் கழன்றிருந்தாலும் இதே நிலைதான்.

ஒக்ரோபர், நவம்பரில் முதல் குளிர் வரும்போது ஹியுமிடிபயரே இல்லாத வீடும் சில கிழமை வியர்க்கும். கோடையில் மரமும் சுவரும் குடித்த ஈரம் அது, தானாக அடங்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. எந்த மாற்றமும் செய்யாமல் திடீரென்று எல்லா யன்னலும் வடிந்து, கூடவே தலையிடி, வயிற்றுப் பிரட்டல் இருந்தால், காஸ் ஃபேர்னஸின் அல்லது சுடுநீர்த் தாங்கியின் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்புகிறதாக இருக்கலாம். காஸ் எரியும்போது ஏராளம் நீராவி உண்டாகும், அதோடு கார்பன் மொனொக்சைட்டும் வரக்கூடும். எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து 911 அழையுங்கள். அலாரம் அடிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

ஹியுமிடிபயர் இரவு பகலாக ஓடுகிறது, மீற்றர் அசையவில்லை

மேசையில் வைக்கும் ஒரு நான்கு லீற்றர்ப் பெட்டியால் முழு வீட்டை நனைக்க முடியாது. 150 சதுர மீற்றர் வீட்டில் மணிக்கு மூன்றிலொரு பங்கு காற்று மாறினால், கடுங்குளிரில் 30 சதவீதத்தைத் தாங்க நாளொன்றுக்கு 10 முதல் 12 லீற்றர் அளவில் நீர் வேண்டும். குடும்பத்தின் சமையலும் மூச்சும் அதில் பெரும் பங்கைத் தரும், மிச்சம்தான் இயந்திரத்தின் வேலை. ஆகவே அறையளவில் யோசியுங்கள், அல்லது ஃபேர்னஸோடு பொருத்தும் வகைக்குப் போங்கள்.

திரியில் காற்றை ஊதி ஆவியாக்கும் வகை என்றால் திரியைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்து அட்டை மாதிரி விறைத்திருந்தால் தண்ணீர் மேலே ஏறாது, மாற்றத்தான் வேண்டும். இந்த வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அறை ஈரமாக ஈரமாக அது தானாகவே மெதுவாகும். அல்ட்ராசோனிக் வகைக்கு அந்த அடக்கம் கிடையாது. புதிதாக வாங்குபவருக்கு நான் திரி வகையைத்தான் சொல்வேன்.

ஃபேர்னஸில் பொருத்தியது என்றால் பேஸ்மென்ற்றுக்கு இறங்குங்கள். ஹியுமிடிபயர் ஃபேர்னஸ் ஓடும்போதுதான் வேலை செய்யும், ஆகவே தெர்மோஸ்ராற்றைச் சற்று ஏற்றி ஃபேர்னஸை ஓடவிட்டு, ஈரப்பதக் குமிழை உச்சத்துக்குத் திருப்புங்கள். டிக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், அது தண்ணீர் வால்வு திறக்கும் சத்தம். சில நிமிடத்தில் கீழே வடிகுழாயில் தண்ணீர் மெல்லியதாக ஓட வேண்டும். டிக் இல்லை என்றால் மின்சாரப் பக்கம் பிழை. டிக் கேட்டும் தண்ணீர் இல்லை என்றால் செப்புக் குழாயில் உள்ள சின்ன வால்வு மூடியிருக்கும் அல்லது அடைத்திருக்கும். தண்ணீர் ஓடியும் வீடு வறண்டிருந்தால் உள்ளே தண்ணீர் ஊறும் பட்டையைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளையாகக் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். பருவத்துக்கு ஒன்று கணக்கு. இவை எல்லாம் சரி என்றால் பக்கக் குழாயில் இருக்கும் தட்டைப் பாருங்கள். கோடை, குளிர் என்று இரண்டு நிலை எழுதியிருக்கும், கோடையிலேயே விட்டுவிட்டால் காற்று அதன் வழியே போகாது. பல வீடுகளில் வேலையே இவ்வளவுதான். சோதித்து முடிந்ததும் குமிழை மறக்காமல் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்.

தளபாடத்தில் வெள்ளைத் தூசி, தொட்டியில் மணம்

வெள்ளைத் தூசி அல்ட்ராசோனிக்கின் அடையாளம். அது நீரை ஆவியாக்காமல் துளியாகச் சிதறடிப்பதால், நீரிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்து பறக்கிறது. ரொறன்ரோக் குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை லீற்றருக்கு 120 மில்லிகிராம் அளவு. இரவுக்கு மூன்று லீற்றர் விசிறினால் மூன்றிலொரு கிராம் தூள் அறையில் இறங்கும், கொஞ்சம் நெஞ்சுக்கும் போகும். ஆவியாக்கி வடித்த தண்ணீர் பாவியுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீர் போதாது, சுண்ணாம்பின் ஒரு பகுதிதான் படியும்.

மணம் வந்தால் பக்ரீரியா. தொட்டியில் மிஞ்சிய நீரை தினமும் ஊற்றிவிட்டுத் துடையுங்கள். கிழமைக்கு ஒருமுறை வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். வினிகரோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு வரும். யூக்கலிப்ரஸ் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால், அதற்கென்று தனிக் கிண்ணம் இல்லாத இயந்திரத்தில் விடாதீர்கள், பிளாஸ்டிக் வெடிக்கும்.

இரு கண்ணாடிகளுக்கும் நடுவே மூட்டம்

துடைத்தாலும் போகாத மூட்டம் என்றால் கண்ணாடிப் பொதியின் அடைப்பு விட்டுவிட்டது. ஈரப்பதத்தைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை. சட்டத்தை விட்டுக் கண்ணாடிப் பொதியை மட்டும் மாற்றலாம், முழு யன்னல் வேண்டும் என்று சொல்பவரிடம் இதைக் கேளுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் காலைப் பனி படிந்தால் அது நல்ல யன்னல், வீட்டுச் சூடு வெளியே போகவில்லை.

அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி

வெளிச்சுவர் மூலையில் அலுமாரியை ஒட்டி வைத்தால் அந்தச் சுவர் யன்னலைப் போலவே குளிரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நனையும். அலுமாரியை ஒரு சாண் முன்னே இழுங்கள், புள்ளியைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். அந்த அறையில் குளிர் முடியும்வரை ஹியுமிடிபயர் வேண்டாம். ஒரு சதுர மீற்றரைத் தாண்டிப் பரவியிருந்தால் துடைத்து மறைக்காமல் ஆளைக் கூப்பிட்டுச் சுவரைத் திறந்து பாருங்கள்.

வீணையில், மிருதங்கத்தில் வெடிப்பு

பிள்ளைகள் சங்கீத வகுப்புக்குப் போகும் வீடுகளில் இதுவும் வரும். பலாமரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும். வீணைக்கு 45 வேண்டும் என்று முழு வீட்டையும் 45க்கு ஏற்றினால் வீட்டைக் கெடுத்து வாத்தியத்தைக் காப்பதாகும். மூடிய பெட்டிக்குள் வைத்து, வயலின், கிற்றார்க் கடைகளில் கிடைக்கும் ஈரப்பதப் பொதியை உள்ளே போட்டு, சிறு மீற்றர் ஒன்றையும் கூடவே வையுங்கள். சூடு வரும் துவாரத்தின் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

ஏப்ரலில் இரவுக் குளிர் பூச்சியத்துக்கு மேலே நிற்கத் தொடங்கியதும் ஃபேர்னஸ் ஹியுமிடிபயரின் தண்ணீரை மூடி, குமிழை நிறுத்தி, தட்டைக் கோடைக்குத் திருப்பி, பட்டையைக் கழற்றி எறிந்துவிடுங்கள். மேசை இயந்திரத்தை வினிகரால் கழுவி, திரியை அகற்றி, மூடியைத் திறந்தபடி இரண்டு நாள் காயவிட்டு அதன் பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.